ஒரே ஷாட்டும் கலைந்த காலமும்: எது குழப்பும், எது பிடிக்கும்?

"ஒரே ஷாட்டில் எடுத்த படங்களும், கதை முன்னும் பின்னுமாகப் போகும் படங்களும் பார்க்க ஆசை. எங்கே தேடுவது? உட்காரும் முன்பே அது என்னைக் குழப்புமா, எனக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? ஏற்கெனவே இரண்டு படங்களைப் பாதியில் நிறுத்திவிட்டேன்."

வழி உண்டு. முதலில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஷாட் என்பது கேமரா பற்றிய விஷயம். நான்-லீனியர், அதாவது கதை முன்னும் பின்னுமாகப் போவது, காலம் பற்றிய விஷயம். கேமரா நிற்காமல் ஓடுவதாலேயே கதையின் காலமும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதில்லை. நான் பல வருடங்களாகப் படத்தொகுப்பில் இருக்கிறேன். சிறிய திரையிடல்கள் நடத்தி, படம் முடிந்த பிறகு பார்த்தவர்களோடு பேசுவதும் வழக்கம். அந்தப் பேச்சுகளில் நான் கவனித்த வரை, ஒரே ஷாட் படம் குழப்பியது என்று சொல்கிறவர்களைக் குழப்பியது பெரும்பாலும் கேமரா இல்லை. கேமரா ஓடிக்கொண்டே இருக்கும்போது காலம் சத்தமில்லாமல் மாறிய இடத்தில்தான் அவர்கள் வழி தவறியிருப்பார்கள்.

அதற்குக் காரணம் எளிது. நாம் சின்ன வயதிலிருந்து படம் பார்த்துப் பார்த்து ஒரு பழக்கத்துக்கு வந்திருக்கிறோம். ஒரு கட் வந்தால் இடமோ நேரமோ மாறியிருக்கலாம் என்று மனசு தானாகவே எடுத்துக்கொள்ளும். கட் வராத வரை அதே இடம், அதே நேரம் என்று நம்பும். எடிட்டிங் மேசையில் நாங்கள் நம்பி வேலை செய்வதே இந்தப் பழக்கத்தைத்தான். ஒரே ஷாட் படத்தில் அந்தக் கட் கிடையாது. ஆகவே அங்கே காலம் மாறுகிறது என்றால், அதைச் சொல்ல வேறொரு அடையாளத்தைப் படம் கொடுத்தாக வேண்டும். ஒரு கதவு, வெளிச்சம், உடை, தலைமுடியின் நிறம், வேறொரு நடிகர் என எதுவாகவும் இருக்கலாம். இதை நான் கைப்பிடி என்று சொல்வேன். கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது கண்ணில் பட்டுவிட்டால் எவ்வளவு சிக்கலான படத்திலும் நடந்துவிடலாம். படவில்லை என்றால் எளிய கதையும் இருட்டறை மாதிரி ஆகிவிடும்.

கேமராவும் காலமும் சேர்ந்தே ஓடும் படத்துக்கு நல்ல உதாரணம் 2015இல் வந்த ஜெர்மன் படம் 'விக்டோரியா'. பெர்லினில் ஒரு கிளப்பிலிருந்து வெளியே வரும் ஸ்பானியப் பெண் நான்கு இளைஞர்களைச் சந்திக்கிறாள். விடிவதற்குள் ஒரு வங்கிக் கொள்ளையில் மாட்டிக்கொள்கிறாள். 138 நிமிடம், நிஜமாகவே ஒரே ஷாட். முழுப் படத்தையும் மூன்று தடவை எடுத்து, மூன்றாவதை வைத்துக்கொண்டார்கள். இருட்டில் தொடங்கும் படம் முடியும்போது வானம் வெளுத்திருக்கும். அது படம் எடுக்கும்போதே விடிந்த விடியல். இந்த வகைப் படத்தில் குழம்ப வழியே இல்லை. திரையில் ஒரு மணி நேரம் போனால் கதையிலும் ஒரு மணி நேரம்தான் போயிருக்கும். இங்கே இருக்கும் ஆபத்து வேறு, அலுப்பு. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்து போவதையும் முழுசாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை வெட்டி எறிய யாரும் இல்லை. 'விக்டோரியா'வில் முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் நடையும் பேச்சும்தான். அந்தப் பேச்சில் அந்தப் பெண்ணோடு உங்களுக்கு ஒட்டுதல் வந்துவிட்டால் பின்பாதி மூச்சு முட்டும். வராவிட்டால், நிறுத்தியதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

'பேர்ட்மேன்' (2014) இன்னொரு விதம். பார்ப்பதற்கு ஒரே ஷாட் போலத் தெரியும், ஆனால் பல ஷாட்டுகளைத் தையல் தெரியாமல் ஒட்டியிருக்கிறார்கள். கதை பல நாட்கள் நடக்கிறது. ஓரிடத்தில் கேமரா கட்டடத்தை விட்டு மேலே வானத்தைப் பார்க்கும், இரவு நம் கண்முன்னே வேகமாகப் பகலாகும், கேமரா கீழே வந்தால் மறுநாள். கைப்பிடி இவ்வளவு பெரிதாகக் கொடுத்திருப்பதால் யாரும் வழி தவறுவதில்லை. காலம் தாண்டினாலும் முன்னோக்கி மட்டுமே போகிறது என்பது இன்னொரு வசதி.

சிக்கல் உண்மையில் தொடங்குவது மூன்றாவது விதத்தில். கேமரா நிற்காது, ஆனால் காலம் வளையும். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும் சேருவது இங்கேதான். ஈரானிய இயக்குநர் ஷஹ்ராம் மொக்ரி 2013இல் எடுத்த 'ஃபிஷ் அண்ட் கேட்' 134 நிமிடம் ஓடும் ஒரே ஷாட். ஏரிக்கரையில் பட்டம் விடுவதற்காகக் கூடாரம் போட்டிருக்கும் மாணவர்கள், பக்கத்தில் உணவகம் நடத்தும் சில ஆட்கள், அந்த ஆட்கள் மேல் நமக்கு வரும் ஒரு பயம். இவ்வளவுதான் கதை. கேமரா ஒருவர் பின்னால் மரங்களுக்கிடையே நடக்கும். அவர் இன்னொருவரைச் சந்தித்துப் பேசுவார். பேச்சு முடிந்ததும் கேமரா முதல் ஆளை விட்டுவிட்டு இரண்டாவது ஆளோடு கிளம்பும். இப்படி ஆள் மாறி ஆள் மாறிச் சுற்றி வந்து, கொஞ்ச நேரம் முன்பு நாம் பார்த்து முடித்த அதே சந்திப்பில் போய் நிற்கும். அதே வசனம், அதே ஆட்கள், ஆனால் இப்போது வேறொருவர் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். கட் எதுவும் வரவில்லை. நடந்து போன நேரத்தில் காலம் பின்னால் போயிருக்கிறது.

முதல் தடவை இது நடக்கும்போது பார்ப்பவர் தன் காதைத்தான் சந்தேகப்படுவார். இதே வாக்கியத்தை இப்போதுதானே கேட்டோம் என்று தோன்றும், ஆனால் கேமரா தொடர்ந்து ஓடுவதால் அதை ஒதுக்கிவிடுவார். இரண்டாவது தடவை நடக்கும்போது புரிந்துவிடும். இந்தப் படத்தின் கைப்பிடி வசனம். திரும்ப வரும் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால், நாம் காலத்தில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு வளைவும் பயத்தைக் கூட்டும், ஏனென்றால் ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டிருப்பவரை நோக்கி யார் நடந்து வருகிறார் என்பது நமக்கு முன்பே தெரியும். என் திரையிடலில் இந்தப் படத்தை நடுவில் விட்டுப் போனவர்களிடம் பேசியபோது, அநேகமாக எல்லாரும் அந்த முதல் திரும்பலைக் கவனிக்காதவர்கள். சப்டைட்டில் படித்துக்கொண்டிருந்ததில் அது நழுவியிருக்கிறது. வசனம்தான் கைப்பிடி என்றிருக்கும் படத்தில் சப்டைட்டிலை ஓட்டமாகப் படிப்பது பெரிய இழப்பு. மொழி தெரியாதவர்கள், திரும்ப வரும் சொற்களின் ஓசையையும் காதில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்ப் படத்தைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. பார்த்திபன் எழுதி இயக்கி 2022இல் வந்த 'இரவின் நிழல்', உலகின் முதல் நான்-லீனியர் சிங்கிள் ஷாட் படம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. மொக்ரியின் படம் ஒன்பது வருடம் முந்தியது என்பதால் அந்த 'முதல்' மீது நியாயமான கேள்வி எழுந்தது. பார்வையாளராக உங்களுக்கு அந்தச் சர்ச்சை முக்கியமில்லை. இரண்டு படங்களும் காலத்தைக் கலைக்கும் விதம் வேறு என்பதுதான் முக்கியம். 'இரவின் நிழ'லில் நடுவயதுக்காரர் ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறார். அவருடைய ஒவ்வொரு வயதுக்கும் வேறு வேறு நடிகர்கள். அடுத்தடுத்து அமைத்த செட்டுகளுக்குள் கேமரா நுழைந்து நுழைந்து போகிறது. ஆக, கைப்பிடி இடமும் ஆளும். திரையரங்கில் காட்டியபோது படத்துக்கு முன்னால் அதை எடுத்த விதத்தையே முதலில் காட்டினார்கள். மாயத்தைக் கலைத்துவிட்டார்களே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. செட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று தெரிந்தவருக்கு, கேமரா ஒரு வாசலைத் தாண்டும்போதே வருடம் மாறுகிறது என்று புரிந்துவிடும்.

அலெக்சாந்தர் சொகூரவின் 'ரஷ்யன் ஆர்க்' (2002) இதே குடும்பம்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் ஒரே ஷாட். அறைக்கு அறை வேறு காலம், அதுவும் வரிசையாக இல்லாமல். இங்கே குழப்பம் வந்தால் அதற்குக் காரணம் கட்டமைப்பாக இருக்காது. ரஷ்ய வரலாற்றில் யார் யார் என்று தெரியாததே காரணமாக இருக்கும். பீட்டர், காதரின், நிக்கோலாய் ஆகிய ஆட்சியாளர்களைப் பற்றிப் பத்து நிமிடம் படித்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

இனி கட் உள்ள நான்-லீனியர் படங்கள். இவற்றில் குழப்புவதாக அதிகம் பேர் வாங்கிய 'மெமெண்டோ' (2000), என் பார்வையில் பார்ப்பவருக்கு மிகுந்த அக்கறையோடு கைப்பிடி போட்டுக் கொடுத்த படம். முதல் காட்சியிலேயே ஒரு போலராய்டு புகைப்படத்தைக் கையில் பிடித்து உதறுகிறார்கள். சாதாரணமாக உதற உதறப் படம் தெளிவாகும். இங்கே உதற உதற மங்கி வெளுத்துப்போகிறது, கடைசியில் கேமராவுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. காலம் பின்னோக்கிப் போகும் என்று ஒரு சொல் இல்லாமல் சொல்லியாயிற்று. அதன் பிறகு வண்ணக் காட்சிகள் பின்னோக்கியும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கியும் மாறி மாறி வரும். ஒவ்வொரு வண்ணக் காட்சியும், நாம் முன்பு பார்த்த வண்ணக் காட்சி எந்தக் கணத்தில் ஆரம்பித்ததோ அங்கே வந்து முடியும். அந்தச் சில நொடிகளைத் திரும்பக் காட்டுவார்கள். ஒரு எடிட்டராகச் சொல்கிறேன், அந்தச் சில நொடி மேல்மடிப்பு இல்லாவிட்டால் படம் உதிர்ந்துபோயிருக்கும்.

அதைவிட முக்கியம், கலைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கதாநாயகனுக்குப் புதிய நினைவுகள் தங்காது. ஒவ்வொரு காட்சியிலும் இதற்கு முன் என்ன நடந்தது என்று தெரியாமல் அவர் நிற்கிறார், நாமும் அப்படியே நிற்கிறோம். இதே படத்தைக் கால வரிசையில் அடுக்கிய ஒரு வடிவம், டிவிடி பதிப்பு ஒன்றில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வரிசையில் பார்த்தால் கதை புரியும், ஆனால் அவரோடு சேர்ந்து தவிப்பது போய்விடும். ஒரு படம் காலத்தைக் கலைத்திருப்பது நியாயமா என்று பார்க்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். நேராக அடுக்கினால் எதை இழப்போம்? பதில் கிடைக்கும் படம் மனசில் நிற்கும். ஒன்றும் இழக்க மாட்டோம் என்றால், அது பார்வையாளரைத் தாமதப்படுத்துவதற்காக மட்டும் கலைத்த படம். அப்படியும் நிறைய வருகின்றன.

கைப்பிடி கொடுத்தும் நழுவுகிற இடத்துக்கு 'டன்கர்க்' (2017) உதாரணம். ஆரம்பத்திலேயே திரையில் எழுத்துப் பலகைகள் மூன்று வரும். கரையில் நடப்பது ஒரு வாரம், கடலில் நடப்பது ஒரு நாள், வானத்தில் நடப்பது ஒரு மணி நேரம். மூன்றையும் பின்னிப் பின்னிக் காட்டுவார்கள். இந்தப் பலகைகள் வரும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், படகில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிப்பாயைப் பகலில் பார்த்துவிட்டு, பிற்பாடு அதே ஆள் இரவில் நிதானமாக மற்றவர்களுக்கு உத்தரவு போடுவதைப் பார்த்து விழிப்பார். பலகையைப் படித்தவருக்கோ, அந்த இரவு முந்தைய இரவு என்றும், இனி அவருக்கு நடக்கப்போவதுதான் அந்த நடுக்கத்துக்குக் காரணம் என்றும் தெரியும்.

சரி, தேடுவது எப்படி? தமிழில் தேடினால் அதிகம் கிடைக்காது, தேடல் சொற்களை ஆங்கிலத்தில் போடுங்கள். Wikipediaவில் One-shot film என்ற கட்டுரை நல்ல தொடக்கம். IMDbயில் nonlinear timeline என்ற குறிச்சொல்லை வைத்துப் போகலாம். Letterboxdஇல் one take, reverse chronology, time loop என்று தேடினால் ரசிகர்கள் தொகுத்த பட்டியல்கள் வரும். இவற்றில் எதையும் அப்படியே நம்ப வேண்டாம். குறிச்சொல்லைப் போடுவது பார்வையாளர்கள்தான். ஒரே ஒரு ஃபிளாஷ்பேக் இருந்தாலும் நான்-லீனியர் என்று போட்டுவிடுவார்கள். ஒரு நீண்ட ஷாட் இருந்தால் முழுப் படமும் ஒரே ஷாட் என்று பட்டியலில் ஏறிவிடும். ஒரு விஷயம் மட்டும் தொழில்நுட்ப ரீதியில் உறுதி. 35 எம்எம் ஃபிலிமில் எடுத்த முழுநீளப் படம் நிஜமான ஒரே ஷாட்டாக இருக்க முடியாது. வழக்கமான ஒரு ஃபிலிம் சுருள் சுமார் பத்துப் பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடாது. ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) அதனால்தான் ஒருவருடைய கோட்டின் முதுகில் போய் முட்டி, அந்த இருட்டில் சுருளை மாற்றிக்கொண்டு தொடர்கிறது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகே இது உண்மையில் சாத்தியமானது. தையலைக் கண்டுபிடிக்க ஆசையிருந்தால் முதுகு, தூண், மூடும் கதவு, இருட்டு, சட்டென்று திரும்பும் கேமரா ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆனால் முதல் தடவை பார்க்கும்போது இந்த வேட்டை வேண்டாம், கதை கையை விட்டுப் போய்விடும்.

படம் கிடைத்த பிறகு, அது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க நான் செய்வது, பாராட்டி எழுதிய விமர்சனங்களை விட்டுவிட்டு, பிடிக்காமல் எழுதியவற்றில் நாலைந்தைப் படிப்பது. கதை தெரிந்துவிடாமலிருக்க முதல் இரண்டு பத்தி போதும். குறை சொல்கிறவர்கள் அநேகமாக மூன்று விதமாகத்தான் சொல்வார்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்பார்கள், அது 'விக்டோரியா' வகை அலுப்பு. யார் யாரென்றே தெரியவில்லை என்பார்கள், அதில் ஆட்கள் அதிகம், முகங்களை நினைவில் வைக்கத் தெரிந்தவருக்கு அது பிரச்சினை இல்லை. எது முன்னே எது பின்னே என்று புரியவில்லை என்பார்கள், இங்கேதான் கைப்பிடியைத் தேட வேண்டும். இந்த மூன்றில் எது உங்களைப் படத்தை நிறுத்த வைக்கும் என்று உங்களுக்கே தெரியும். நண்பர் ஒருவருக்கு மூன்றாவது கொஞ்சமும் பிரச்சினை இல்லை, ஆனால் முதலாவது இருந்தால் இருபது நிமிடம் தாங்க மாட்டார். அவருக்கு 'மெமெண்டோ' விருந்து, 'ரஷ்யன் ஆர்க்' தண்டனை.

பிறகு பார்க்கத் தொடங்கி இருபதாவது நிமிடத்தில் மனசுக்குள் ஒரு கேள்வி. காலம் மாறுவதை இந்தப் படம் எதை வைத்துச் சொல்கிறது? ஒரே வார்த்தையில் பதில் வர வேண்டும். நிறம், பலகை, வாசல், தழும்பு, தலைமுடி. 'எட்டர்னல் சன்ஷைன்' (2004) படத்தில் கதாநாயகியின் தலைமுடி நிறம்தான் காலண்டர். அது பிடிபட்ட கணத்தில் படம் இலகுவாகிவிடும். பதில் வந்தால் தாராளமாகத் தொடருங்கள். பதில் வரவில்லை, ஆனால் கண்முன் நடக்கும் காட்சி தன்னளவில் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் இன்னொரு இருபது நிமிடம் கொடுங்கள். இரண்டும் இல்லை என்றால் நிறுத்துவதுதான் சரி.

இந்தச் சோதனை எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. ஜப்பானியப் படமான 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) முதல் 37 நிமிடம் ஒரே ஷாட்டில், வேண்டுமென்றே தடுமாற்றமாக ஓடும். என் இருபது நிமிடக் கணக்கை வைத்து நிறுத்தினால் அருமையான படத்தை இழந்துவிடுவீர்கள். அந்தப் படத்தைப் பற்றி எதுவும் படிக்காமல் 37 நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர நான் வேறெதுவும் சொல்லக் கூடாது. 'பிரைமர்' (2004) எதிர்ப்பக்கம். 77 நிமிடம்தான், ஆனால் முதல் பார்வையில் எந்தக் கைப்பிடியும் போதாது. தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை பார்ப்பதில் சந்தோஷப்படுகிறவர்களுக்கான படம் அது. அப்புறம், ஒரே ஷாட் படங்களைப் பகுதி பகுதியாகப் பார்த்தால் என்னுடைய கணக்கு எதுவும் செல்லாது. நீங்கள் நிறுத்தி வைத்த இடத்தில் படத்தில் இல்லாத ஒரு கட் விழுந்துவிடுகிறது.

வரிசை வேண்டும் என்றால் முதலில் 'விக்டோரியா', அடுத்து 'மெமெண்டோ', அதன் பிறகு 'இரவின் நிழல்', கடைசியில் 'ஃபிஷ் அண்ட் கேட்'. பாதியில் நிறுத்திய அந்த இரண்டு படங்கள் எவை, சுமாராக எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். நின்ற இடம் தெரிந்தால், உங்களை நிறுத்தியது அலுப்பா, ஆட்களா, காலமா என்று இன்னும் சரியாகச் சொல்ல முடியும். அதற்கேற்ப இந்த வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம்.